ஆறு மாதச் சம்பளம்: ஒரு தவறான அளவுகோல்

அவசரகால நிதி எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் இன்று எங்கும் கிடைப்பது ஒரே விடை: ஆறு மாதச் சம்பளம். அதை எங்கே வைப்பது என்று கேட்டாலும் ஒரே விடைதான்: லிக்விட் ஃபண்டில். இந்த விதிக்கு உள்ள பெரிய தகுதி, மனப்பாடம் செய்ய எளிது என்பதே. சம்பளம் என்ற அடிப்படை தவறு. ஆறு என்ற எண்ணுக்கு எந்தக் குடும்பத்தின் நிலவரமும் ஆதாரமாக இல்லை. லிக்விட் ஃபண்டு என்ற இடமோ வருமானத்தைப் பார்த்துத் தேர்ந்தது. அவசரத்தைப் பார்த்துத் தேர்ந்ததல்ல. விளைவாக, வேலைக்கு ஆபத்தே இல்லாதவர் தேவைக்கு மேல் பணத்தை முடக்குகிறார். எந்த மாதமும் வேலை போகக்கூடியவர் போதாத தொகையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

முதலில் அடிப்படை. வேலை போன பிறகு ஒரு குடும்பம் ஈடுகட்ட வேண்டியது சம்பளத்தை அல்ல, நிறுத்த முடியாத செலவை. இரண்டும் வேறு வேறு தொகைகள். நாற்பதாயிரம் சம்பளம் வாங்கிச் சொந்த வீட்டில், கடனின்றி வாழும் குடும்பம் பதினெட்டாயிரத்தில் மாதத்தை ஓட்டிவிடலாம். அதே சம்பளத்தில் வாடகை, வண்டித் தவணை, பள்ளிக் கட்டணம் என்று கட்டுண்ட குடும்பத்துக்கு முப்பத்தைந்தாயிரமும் பற்றாது. சம்பளத்தை ஆறால் பெருக்கினால் இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை வரும். இரண்டு வீட்டுக்கும் அது பொருந்தாது.

அடுத்தது ஆறு என்ற எண். அவசரம் என்று பொதுவாகச் சொல்வதில் தன்மை வேறுபட்ட இரண்டு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, திடீரென ஒரே நாளில் கேட்கப்படும் மொத்தச் செலவு: விபத்து, அறுவை சிகிச்சை, ஊரிலிருந்து வரும் சாவுச் செய்தி. இதற்கு மாதக் கணக்கு என்பதே கிடையாது. சம்பளம் எவ்வளவானாலும் மருத்துவமனை கேட்கும் முன்பணம் ஒன்றுதான். மற்றொன்று, வருமானம் நின்றுபோவது. இதில் ஒரே நாளில் பெரிய தொகை தேவைப்படாது; மாதாமாதம் ஓரளவு தொகை, பல மாதங்களுக்குத் தேவைப்படும். முதலாவதற்கு வேகம் வேண்டும், இரண்டாவதற்கு நீளம் வேண்டும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினால்தான் உண்மையான தேவை தெரியும்.

திருப்பூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கணவர் ஏற்றுமதி பனியன் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தையல் எந்திரம் போட்டுப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். சராசரியாக மாதம் 8,000 வருகிறது. நிறுத்த முடியாத செலவுகள் இவை: வாடகை 8,500, மளிகையும் பாலும் 9,000, மின்சாரம், எரிவாயு, கைபேசி எல்லாம் சேர்த்து 1,900, பள்ளிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 3,000, தாயாரின் மாத்திரை 1,500, வண்டித் தவணை 3,200, பெட்ரோல் 900, காப்பீட்டுக்கு 1,000. மொத்தம் 29,000.

இதோடு 5,000 ரூபாய்ச் சீட்டும் ஓடுகிறது. சீட்டை எல்லோரும் சேமிப்பில் எழுதுவார்கள். சீட்டு எடுக்காதவரை அது சரி. எடுத்துவிட்டால் மீதித் தவணைகள் எல்லாம் கடன். ஜாமீன் போட்டவர் வாசலில் வந்து நிற்பார். இந்தக் குடும்பம் போன ஆண்டே சீட்டு எடுத்துவிட்டது. இன்னும் பன்னிரண்டு தவணை பாக்கி. ஆகவே நிறுத்த முடியாத செலவு 34,000.

வழக்கமான விதிப்படி கணவரின் சம்பளத்தை ஆறால் பெருக்கினால் 1,92,000 வரும். கணவருக்கு வேலை போனாலும் மனைவியின் 8,000 வரும், ஆகவே இந்தத் தொகை தாராளம் என்றுகூடத் தோன்றும். ஆனால் மனைவி தைப்பதும் அதே ஏற்றுமதித் தொழிலின் துணியைத்தான். ஆர்டர் குறையும்போது நிறுவனம் முதலில் நிறுத்துவது வெளியே கொடுக்கும் தையலை. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தபோது திருப்பூர் அஞ்சியது இதைத்தான்: ஒரு வீட்டின் இரு வருமானமும் ஒரே வாய்க்காலில் வருகின்றன, மடை அடைத்தால் இரண்டும் சேர்ந்தே வற்றும். சீட்டில் உள்ளவர்களும் பெரும்பாலும் அதே தொழிலைச் சேர்ந்தவர்கள். நெருக்கடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏலம் கேட்பார்கள், தள்ளு கூடும், எடுப்பவர் கைக்கு வருவது குறையும். கைமாற்று கேட்கலாம் என்று நினைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும் அன்று கடன் கேட்டு அலைந்துகொண்டிருப்பார்.

எத்தனை மாதம் என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த நிலவரம்தான். இதே தொழிலில் இதே ஊரில் வேலை இழந்தவர் மறுபடி வேலையில் சேர எவ்வளவு காலம் ஆகிறது, வீட்டின் இரண்டாவது வருமானம் முதல் வருமானத்தோடு சேர்ந்து விழுமா, தனியே நிற்குமா என்பவையே கேள்விகள். தனியே நிற்குமானால் மாதப் பற்றாக்குறை 26,000. நான்கு மாதத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் போதும். சேர்ந்து விழும் என்பதால் மாதம் 34,000 முழுவதும் வேண்டும். தொழிலே சுருங்கும்போது ஆறு மாதம் கொள்வது மிகையல்ல. அது 2,04,000. இதோடு திடீர்ச் செலவுக்கு 50,000 சேர்த்தால் 2,54,000. விதி சொன்னதைவிட 62,000 கூடுதல்.

இதே விதியை, கணவனும் மனைவியும் அரசுப் பள்ளி ஆசிரியர்களாக உள்ள வீட்டுக்குப் பொருத்தினால் விந்தை தெரியும். இருவரும் சேர்ந்து மாதம் 1,40,000 வாங்கினால், விதிப்படி 8,40,000 ஒதுக்க வேண்டும். இருவரின் சம்பளமும் ஒரே நாளில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. அவர்களுக்கு வேண்டியது திடீர்ச் செலவுக்கான தொகையும், ஊதியமில்லா விடுப்பு எடுக்க நேர்ந்தால் ஒன்றிரண்டு மாதச் செலவும்தான். ஒன்றரை லட்சம், மிஞ்சினால் இரண்டு லட்சம். மீதி ஆறு லட்சம் ஆண்டுக்கணக்கில் குறைந்த வட்டியில் தூங்கும். சேர்க்க முடிந்தவருக்கு அதிகமும் சேர்க்க முடியாதவருக்குக் குறைவும் சொல்லும் அளவுகோலை, எளிமையைக் காட்டி மன்னிக்க முடியாது.

எளிய விதி இல்லாவிட்டால் மக்கள் தொடங்கவே மாட்டார்கள் என்பது இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம். நடப்பது நேர்மாறு. மாதம் 40,000 வரவில் 34,000 கட்டாயச் செலவு, துணிமணி, பண்டிகை, ஊர்ப்பயணத்துக்கு 3,500 போனால் மிஞ்சுவது 2,500. இந்த வேகத்தில் 1,92,000 சேர ஆறு ஆண்டுக்கு மேலாகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரும் முதல் மாதமே கைவிடுவார்கள். பெரிய ஒற்றை எண் ஊக்கம் தருவதில்லை, மலைப்பைத்தான் தருகிறது.

கடன் உள்ளவருக்கு இந்த விதி கேடாகவே முடியும். கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் நிலுவை வைத்திருப்பவருக்கு, மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால், 3,500 ரூபாய் கரைகிறது. அதே ஒரு லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால், ஆண்டுக்கு இரண்டரை சதவீதத்தில், மாதம் கிடைப்பது 208 ரூபாய். தெருவில் வாங்கிய அஞ்சு வட்டிக் கடனானால் நூற்றுக்கு மாதம் ஐந்து, அதாவது ஆண்டுக்கு அறுபது சதவீதம். இவ்வளவு வட்டி கட்டிக்கொண்டே ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்ப்பது, ஓட்டைப் பானையை அடைக்காமல் தண்ணீர் மொள்ளும் வேலை. அதற்காகக் கையில் உள்ள கடைசி ரூபாய் வரை கடனில் கொட்டுவதும் சரியல்ல. அடுத்த வாரமே காய்ச்சல் வந்தால் மறுபடி அதே கடன்காரரிடம் போக வேண்டும். திடீர்ச் செலவுக்கான தொகை முதலில், கொடுவட்டிக் கடன் அடுத்து, மாதச் செலவுக்கான தொகை அதற்குப் பிறகு என்பதே பொருந்தும் வரிசை.

இனி இடம். லிக்விட் ஃபண்டைப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் காரணம், சேமிப்புக் கணக்கைவிட வருமானம் கூடுதல், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதே உண்மை. பணம் பொதுவாக அடுத்த வேலை நாளில்தான் வரும். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பிறகு கேட்டால், கோரிக்கை திங்கள்கிழமைக் கணக்கில் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை பணம் வரும். இடையில் பொது விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள். உடனடியாக எடுக்கும் வசதியைச் சில ஃபண்டுகள் தருகின்றன. அதற்கும் ஒரு திட்டத்தில் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், இதில் எது குறைவோ அதுவே வரம்பு. இத்தனைக்கும் கிடைக்கும் ஆதாயம் என்ன? டெபாசிட்டைவிட அரை சதவீதம் கூடுதலாகக் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய், மாதம் 83. அவசரத்துக்கான பணத்தில் 83 ரூபாயைத் துரத்துவது கணக்காகாது.

அரை சதவீதத்தில் தொடங்கும் ஆசை அங்கேயே நிற்பதும் இல்லை. லிக்விட் ஃபண்டிலிருந்து இன்னும் சற்றுக் கூடுதல் தரும் குறுகியகாலக் கடன் ஃபண்டுகளுக்குப் பணம் நகர்கிறது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் இந்தியாவில் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. அவற்றில் அல்ட்ரா ஷார்ட் பாண்ட் என்ற பெயருள்ளதும் ஒன்று. ஊரடங்கு தொடங்கி ஒரு மாதம் ஆன நேரம் அது. பணம் மிகவும் தேவைப்பட்ட நாளில் கதவு அடைபட்டது. முதலீட்டாளர்களுக்குப் பணம் தவணை தவணையாகத் திரும்ப ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில்தான். அவை லிக்விட் ஃபண்டுகள் அல்ல என்பது சரி. ஆனால் வருமானத்தை அளவாகக் கொண்டு இடம் தேடுபவர் போய்ச் சேரும் இடம் அதுதான்.

இடத்தைத் தேர்வதற்கான கேள்வி வேறு: பணம் எத்தனை மணி நேரத்தில், யார் கையில் வர வேண்டும்? இரண்டாவது பாதியை யாரும் கேட்பதே இல்லை. இரவு பதினொன்றரை மணி. தனியார் மருத்துவமனை ஒன்றின் பில்லிங் கவுண்டர். ஐம்பதாயிரம் முன்பணம் கட்டினால் அட்மிஷன் போடலாம் என்கிறார் ஊழியர். படுத்திருப்பவர் கணவர். ஃபண்டு அவர் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், கைபேசி அவர் விரல்ரேகையில் திறக்கும், யுபிஐ ரகசிய எண் அவர் நினைவில் மட்டும். மனைவி நாமினிதான். நாமினி என்ற எழுத்துக்கு உயிர் வருவது கணக்குக்காரர் இறந்த பிறகே. அவர் மயக்கத்தில் கிடக்கும்வரை அந்தப் பணத்தின் மீது மனைவிக்கு எந்த உரிமையும் இல்லை. கணக்கில் இரண்டு லட்சம் இருந்தும், அன்றிரவு கழுத்துச் சங்கிலி கழற்றப்படுகிறது.

ஆகவே அவசரகால நிதியின் முதல் அடுக்கு, கணவன் மனைவி இருவரும் தனித்தனியே இயக்கக்கூடிய கூட்டுச் சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். வங்கிப் படிவத்தில் இதற்கு 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்று குறிக்க வேண்டும். இருவரிடமும் தனித்தனி ஏடிஎம் அட்டை இருக்க வேண்டும். சம்பளம் வரும் வங்கியில் அல்லாமல் வேறு வங்கியில் இந்தக் கணக்கைத் தொடங்குவது நல்லது. சம்பளக் கணக்கில்தான் தவணைகள் தானாகக் கழியும். அங்கே கடனும் இருந்தால், தவணை தவறும்போது அந்த வங்கி இருப்பைக் கடனுக்கு வரவு வைத்துக்கொள்ளவும் முடியும். வேலை போன மாதத்தில் முதலில் காலியாவது அந்தக் கணக்கே.

வேறு வங்கி என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று முடக்கத்துக்குள் வந்தது. வாடிக்கையாளர் எடுக்கக்கூடிய தொகை 25,000 ரூபாய் என்று வரம்பு விதிக்கப்பட்டது. பத்தே நாளில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு, வைத்தவர் பணம் தப்பியது. ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்தக் காப்பீட்டுத் தொகை கைக்கு வர 90 நாள் வரை ஆகலாம். காப்பீடு காப்பது பணத்தை, நேரத்தை அல்ல. நிதி நிறுவனம், நகைக்கடைச் சேமிப்புத் திட்டம், ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆகியவற்றில் போட்ட பணத்துக்கு இந்தக் காப்பீடும் இல்லை.

இரண்டாம் அடுக்கு, மாதச் செலவுக்கான பணம். இதற்கு ஃபிக்சட் டெபாசிட் போதும். டெபாசிட் என்றால் பூட்டிய பணம் என்ற பயம் தேவையற்றது. வரிச்சலுகைக்கான ஐந்தாண்டு டெபாசிட்டுக்குத்தான் அது பொருந்தும், அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சாதாரண டெபாசிட்டை முன்கூட்டியே உடைக்கலாம். முப்பதாயிரத்தை ஆண்டுக்கு ஆறரை சதவீதத்தில் போட்டு ஆறாம் மாதம் உடைத்தால், ஆறு மாதத்துக்கான வட்டி ஆறு சதவீதம், அதில் ஒன்று அபராதம் என்று கொண்டால், 975க்குப் பதிலாக 750 ரூபாய் வட்டி கிடைக்கும். நட்டம் 225 ரூபாய். முதலில் ஒரு ரூபாயும் குறையாது. செய்ய வேண்டியது ஒன்றே: மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடாமல், ஒரு மாதச் செலவுக்கு ஒன்று என்று பிரிப்பது. மாதம் ஒன்றை உடைத்தால் மற்றவை வட்டியோடு தொடரும். கூட்டாகப் போடும்போது, முதிர்வுக்கு முன் உடைக்க ஒருவர் கையெழுத்தே போதும் என்று தொடக்கத்திலேயே எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் மற்றவர் கையெழுத்துக்காக வங்கி திருப்பி அனுப்பக்கூடும்.

வீட்டில் ரொக்கம் வைப்பது பழம்பஞ்சாங்கம் என்ற கேலியும் சரியல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லாத நாள்களில், பால் பாக்கெட்டுக்கும் படகுக்கும் செல்லுபடியானது ரொக்கம்தான். ஒரு வாரத் தேவைக்கு மேல் வைப்பதும் தவறு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனது நினைவிருப்பவர்கள், நூறு ரூபாய்த் தாள்களாக வைப்பார்கள்.

நகை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பது மறுபக்கத்து வாதம். நகைக்கடன் வேகமானது, பல வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது நிதி அல்ல, கடன். வருமானம் நின்ற மாதத்தில் புதிதாக ஒரு வட்டியைச் சேர்க்கிறது. மீட்க முடியாவிட்டால் ஏலத்தில் முடிகிறது. அடகுக் கடையும் இரவு பதினொன்றரைக்குத் திறந்திருக்காது. டெபாசிட்டுகள் தீர்ந்த பிறகு, ஏழாம் மாதத்துக்கு நகை பொருத்தமானது. முதல் இரவுக்கு அல்ல.

திருப்பூர்க் குடும்பத்தின் கணக்கை இப்போது முடிக்கலாம். முதல் பன்னிரண்டு மாதம் 2,500 வீதம் 30,000 சேரும். அதற்குள் சீட்டு முடிந்துவிடும். அன்றே இரண்டு மாற்றங்கள் நிகழும்: மாதச் சேமிப்பு 7,500 ஆகும், நிறுத்த முடியாத செலவு 29,000ஆகக் குறைவதால் மொத்தத் தேவையும் 2,54,000இலிருந்து 2,24,000ஆக இறங்கும். ஒரு கட்டாயத் தவணை முடிவது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. சம்பளத்தை ஆறால் பெருக்கும் விதியில் இந்த மாற்றம் பதிவாகவே இடமில்லை. சீட்டு இருந்தாலும் முடிந்தாலும் அது 1,92,000 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். புதுச் சீட்டில் சேர்ந்துவிட்டால் இந்த ஆதாயம் அத்தனையும் போகும்.

பதினைந்தாம் மாதம் 50,000 நிறையும். அதில் 8,000 வீட்டில் ரொக்கமாகவும் 42,000 கூட்டுச் சேமிப்புக் கணக்கிலும் இருக்கும். அதன்பின் ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு ஒன்றாக, 29,000 ரூபாய் டெபாசிட்டுகள் ஆறு சேரும். மூன்று ஆண்டும் சில மாதங்களும் ஆகும்போது தேவை முழுவதும் நிறைந்துவிடும். வாடகை ஏறினாலோ, புதுக் கடன் வாங்கினாலோ, மனைவி வேறு தொழிலுக்கு மாறி இரண்டாவது வருமானம் தனியே நிற்கத் தொடங்கினாலோ இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும். சம்பளம் மட்டும் உயர்ந்து செலவு அப்படியே இருந்தால் போட வேண்டியதில்லை.